ரகம் ஜெயித்ததா, மண் ஜெயித்ததா: குறுவைச் சோதனைக்கு எந்தப் பாத்தி அமைப்பு?

உழவர் குழு ஒன்றின் கையில் நாலு குறுவை ரகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: ஏடிடி 43, ஏடிடி 45, கோ 51, ஏஎஸ்டி 16. நாலும் ஏறக்குறைய 105 முதல் 115 நாளுக்குள் அறுவடைக்கு வருபவை. அடுத்த வருஷம் இவற்றில் ஒன்றைத்தான் ஊருக்கெல்லாம் விதைநெல்லாகப் பெருக்கப் போகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் உறுப்பினர் ஒருவர் சோதனைக்கென ஒரு மா நிலம் விட்டிருக்கிறார். அதை எப்படிப் பிரித்து நடுவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ரகத்தையும் ஒரே துண்டாக நடலாம். தொகுதி தொகுதியாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு நடலாம். லத்தீன் சதுரமாகவும் நடலாம். மூன்றுக்கும் வேண்டிய நிலமும் விதையும் ஏறக்குறைய ஒன்றேதான். கிடைக்கும் பதில் மட்டும் ஒன்றாக இருக்காது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். டெல்டாவில் ஒரு மா வயலைப் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மடை திறந்து தண்ணீர் உள்ளே வந்ததும் அதன் வேகம் தணிகிற இடத்தில் வண்டல் தங்கும். வருஷக்கணக்கில் இது நடந்த வயலில் வாய்மடைப் பக்கம் பயிர் கருகருவென்று நிற்கும், கடைசியில் வெளிறித் தெரியும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் கடைசிப் பக்கம் உவரும் சேர்ந்துகொள்ளும். ஆற்றை ஒட்டிய வயலில் மடையடியில் மணல் ஏறி, வாய்மடையே மோசமாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் நல்ல மண் என்பதை விட, எந்தத் திசையில் மண் மாறிக்கொண்டே போகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. போன தாளடியில் எந்த மூலையில் கதிர் நன்றாக இருந்தது என்று நிலத்துக்காரரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மழை விட்டபின் எங்கே தண்ணீர் கடைசியில் வடிகிறது, பழைய எருக்குழியோ களமோ எங்கே இருந்தது, நிலத்தைச் சமன் செய்தபோது எந்த மேட்டை வெட்டி எங்கே நிரப்பினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மேடு வெட்டிய இடத்தில் மேல்மண் போயிருக்கும். இரண்டு மூன்று போகத்துக்கு அந்த இடம் தனியாகத் தெரியும். சந்தேகமிருந்தால் வாய்மடை, நடு, கடைசி என்று மூன்று இடத்திலும் தனித்தனியே மண் எடுத்து, கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் உர அட்டவணை கிடைக்கும். இந்த வேலைக்கு அது உதவாது.

துண்டு துண்டாக நடுவது ஊரில் எல்லாருக்கும் பழகிய வழி. ஒரு மாவை நாலாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ரகம். குறுக்கே பிரித்தால், வாய்மடைத் துண்டு ஒரு ரகத்துக்கும் கடைசித் துண்டு இன்னொரு ரகத்துக்கும் போகும். அப்போது களத்தில் எடை போடுவது ரகத்தையா மண்ணையா என்று யாராலும் சொல்ல முடியாது. நீளவாக்கில், வாய்மடையிலிருந்து கடைசி வரை நீண்ட துண்டுகளாகப் பிரித்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. நாலு ரகமும் நல்ல மண்ணையும் மோசமான மண்ணையும் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எடைதான் கிடைக்கும். ஒரு ரகம் இன்னொன்றை விட மாவுக்கு அரை மூட்டை கூடுதலாகக் கண்டுமுதல் தந்தால், ஒரே ரகத்தை இரண்டு துண்டில் நட்டிருந்தாலும் அந்த அரை மூட்டை வித்தியாசம் வந்திருக்குமா? இதற்குப் பதில் அந்த வயலில் இல்லை. பத்துப் பேரைக் கூட்டி வந்து, கதிர் எப்படி இருக்கிறது, சாய்கிறதா என்று காட்டத் துண்டு நடவு போதும். விதைநெல் முடிவெடுக்கப் போதாது.

தொகுதி முறையை வேளாண் கல்லூரியில் படித்தவர்கள் ஆர்.பி.டி. என்பார்கள். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919-ல் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர் வகுத்த வழி இது. வயலை முதலில் தொகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒரு தொகுதிக்குள் மண் முடிந்த அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே எவ்வளவு வேறுபட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் நாலு ரகமும் ஒரு முறை வரும். தொகுதிக்குள் எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். நமக்குத் தெரிந்த மண் வேறுபாட்டைத் தொகுதி பிடித்துக்கொள்கிறது. நமக்குத் தெரியாத பழைய எருக்குழி, எலி வளை, வரப்போர நிழல் போன்றவை ஒரு ரகத்துக்கே சாதகமாகத் தொடர்ந்து விழாமல் குலுக்கல் பார்த்துக்கொள்கிறது.

நம் வயலுக்குத் தொகுதி எப்படி அமையும்? மண் வாய்மடையிலிருந்து கடைசிக்கு மாறுகிறது. ஆகவே தொகுதிகள் அந்தத் திசைக்குக் குறுக்கே கிடக்க வேண்டும்: மடைக்கு அருகே முதல் தொகுதி, அதற்கு அடுத்து இரண்டாவது, இப்படி நாலு. ஒரு தொகுதிக்குள் நாலு பாத்திகளும் பக்கம் பக்கமாக, மடையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். பாத்தி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நீளப் பக்கம் தண்ணீர் போகும் திசையில். வரப்பும் வாய்க்காலும் சேர்த்தால் பதினாறு பாத்திக்கும் ஏறக்குறைய 11 சென்ட் ஆகும், அதாவது மாவில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இடத்தில் ஏதாவது ஒரு ரகத்தைச் சுற்றிலும் நட்டுவிடலாம். ஓரப் பாத்திகளுக்கு அது காவல்.

அதிகம் தவறுவது தொகுதியின் திசையில்தான். வசதிக்காக வயலை நீளவாக்கில் நாலாக வகுந்து, ஒவ்வொன்றையும் ஒரு தொகுதி என்று பெயரிட்டால், ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வாய்மடையும் கடைசியும் வந்துவிடும். பெயரளவில் தொகுதி, ஆனால் பிரிக்க வேண்டியதைப் பிரிக்கவில்லை. இது நடந்ததா என்பது அறுவடைக்குப் பின் தெரியும்: தொகுதிச் சராசரிகள் நாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஒரே ரகத்தின் எடைகள் பாத்திக்குப் பாத்தி எகிறிக் குதிக்கும்.

குலுக்கலுக்கு நாலு சீட்டும் ஒரு சொம்பும் போதும். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். முதல் தொகுதிக்கு வந்த வரிசையையே நாலிலும் திரும்பப் போடுவது பலர் செய்வது. நடவாட்களுக்கு நாற்று மாறிப்போகாது என்பார்கள். அப்படிச் செய்தால் உயரமான ரகத்தின் நிழல் எப்போதும் அதே பக்கத்து ரகத்தின் மேல்தான் விழும், கிழக்கு வரப்பு எப்போதும் அதே ரகத்துக்குத்தான் கிடைக்கும். நாற்று மாறும் பயத்துக்கு மருந்து, பாத்திக்குப் பாத்தி மூங்கில் குச்சியில் அட்டை கட்டுவதும், நாற்றுக் கட்டுகளை முந்தின நாள் மாலையே பாத்தி வரப்பில் எண்ணி வைப்பதும். கணினியில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஆர் மொழியில் இரண்டு வரி:

```
set.seed(612)
for (i in 1:4) print(sample(c("A","B","C","D")))
```

இனி ஒரு கணக்கு. கீழே இருப்பவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். எந்த ரகத்தின் உண்மையான விளைச்சலும் அல்ல. அதனால்தான் ரகங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, பாத்தியின் நாலு ஓரத்திலும் 40 சென்டிமீட்டர் பயிரைத் தனியே அறுத்து ஒதுக்கிவிட்டால், உள்ளே 4.2-க்கு 3.2 மீட்டர் மிஞ்சும். அதில் வரும் நெல்லை மட்டும் எடை போட வேண்டும். இந்த அளவில் ஒரு வசதி இருக்கிறது: பாத்தியில் ஒரு கிலோ என்பது மாவுக்கு ஏறக்குறைய 100 கிலோ. களத்தில் நின்றபடியே மூட்டைக் கணக்குப் போட்டுவிடலாம். தராசில் 200 கிராம் தவறினால் மாவுக்கு 20 கிலோ தவறும் என்பதும் இதில் அடக்கம்.

| தொகுதி | அ | ஆ | இ | ஈ | சராசரி |
|---|---|---|---|---|---|
| 1 (வாய்மடை) | 9.3 | 8.3 | 7.9 | 8.1 | 8.4 |
| 2 | 8.1 | 8.3 | 7.7 | 7.1 | 7.8 |
| 3 | 7.3 | 7.3 | 7.3 | 6.9 | 7.2 |
| 4 (கடைசி) | 7.3 | 6.5 | 6.7 | 5.9 | 6.6 |
| சராசரி | 8.0 | 7.6 | 7.4 | 7.0 | 7.5 |

எடைகள் கிலோவில். நான்கில் கடைசியாக நிற்கும் ஈ, வாய்மடையில் 8.1 கிலோ தந்திருக்கிறது. முதலில் நிற்கும் அ, கடைசித் தொகுதியில் 7.3 தான். குறுக்குத் துண்டு நடவில் ஈ மடையடியிலும் அ கடைசியிலும் விழுந்திருந்தால், ஊர் முழுக்க ஈ விதைநெல் போயிருக்கும்.

இந்தப் பதினாறு எண்களை இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கலாம். தொகுதி என்ற ஒன்றே இல்லை என்று பாவித்தால், ரகச் சராசரிகளுக்கு இடையே குறைந்தது 1.28 கிலோ வித்தியாசம் இருந்தால்தான் அதை உண்மையான வித்தியாசம் என்று (5 விழுக்காட்டு அளவில்) ஏற்க முடியும். அ-வுக்கும் ஈ-க்கும் இடையே உள்ளது ஒரு கிலோதான். ஆகவே நாலு ரகமும் ஒன்றே என்று எழுத வேண்டியிருக்கும். அதே எண்களில் தொகுதிக்குரிய ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தேவைப்படும் வித்தியாசம் 0.54 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது அ, இ-யையும் ஈ-யையும் தெளிவாக மிஞ்சுகிறது. ஆ, ஈ-யை மிஞ்சுகிறது. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையிலான 0.4 கிலோவை மட்டும் நம்ப முடியாது. மாவுக்கு 40 கிலோ என்றால் சின்னத் தொகையில்லைதான், ஆனாலும் இந்த ஒரு சோதனை அதைச் சொல்லும் அளவுக்குக் கூர்மையில்லை. அ-வா ஆ-வா என்பதை அரிசியின் விலை, சாயும் தன்மை, வைக்கோல் எதை வைத்து வேண்டுமானாலும் குழு முடிவு செய்யட்டும். விளைச்சலில் அ ஜெயித்தது என்று மட்டும் அறிவிக்கக் கூடாது.

தொகுதியே இல்லாமல் பதினாறு பாத்தியிலும் மொத்தமாகக் குலுக்கி நடுகிற முறை ஒன்றும் உண்டு. தொட்டியிலும் ஆய்வுக்கூடத்திலும் அது சரி. டெல்டா வயலுக்கு வேண்டாம். மேலே முதலில் பார்த்த 1.28 கிலோ கதைதான் அங்கே நடக்கும்.

லத்தீன் சதுரத்துக்கும் அதே பதினாறு பாத்திதான். வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு கிடை வரிசையிலும் ஒரு முறை, ஒவ்வொரு நெடு வரிசையிலும் ஒரு முறை வரும். கிழக்கு வரப்பில் தென்னை வரிசையோ மூங்கில் புதரோ நின்று காலை வெயிலை மறைக்கிறது, மண்ணோ மடையிலிருந்து கடைசிக்கு மாறுகிறது என்று இரண்டு திசையிலும் ஏற்றத்தாழ்வு இருந்தால் இது கைகொடுக்கும். கிடை வரிசை மண்ணையும் நெடு வரிசை நிழலையும் பிடித்துக்கொள்ளும். குலுக்கலில் ஒரே ரகம் மூன்று தொகுதியில் ஓரப் பாத்திக்கே போய் விழுகிற சங்கடமும் இதில் இல்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. பிழையை மதிப்பிட எவ்வளவு தகவல் மிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் சுதந்திர எண் தொகுதி முறையில் 9, லத்தீன் சதுரத்தில் 6. நிழலே இல்லாத வயலில் இதைப் போட்டால், கிடைக்காத ஒன்றுக்காக மூன்றை இழந்ததாகும். ரகங்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை கொஞ்சம் மழுங்கும். ரகங்களின் எண்ணிக்கையும் வரிசைகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டு. ஆறு ரகம் என்றால் 36 பாத்தி; எந்தக் குழுவும் மூச்சு வாங்கிவிடும். தொகுதி முறையில் ஆறு ரகத்தை 24 பாத்தியில் முடிக்கலாம்.

என் தீர்ப்பு: இந்த வயலில் இரண்டாவது திசையில் கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருந்தால் லத்தீன் சதுரம், இல்லாவிட்டால் தொகுதி முறை. "எதற்கும் இருக்கட்டும்" என்று லத்தீன் சதுரம் போட வேண்டாம்.

தொகுதி முறையை நான் விரும்புவதற்கு மண்ணைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. வேலையையும் தொகுதியாகப் பிரிக்கலாம். நடவாட்கள் காலையில் வந்து மாலைக்குள் பத்துப் பாத்திதான் நட முடிந்தது என்றால், எட்டோடு நிறுத்தி, இரண்டு தொகுதியை முழுதாக முடித்துவிட்டு மற்றதை மறுநாள் தொடங்க வேண்டும். களையெடுப்பு, மேலுரம், அறுவடை எல்லாவற்றிலும் இதே ஒழுங்கு. ஒரு தொகுதிக்குள் ஒரே ஆள், ஒரே நாள். அப்படிச் செய்தால் ஆளுக்கு ஆள் கை மாறுவதும், இடையில் ஒரு மழை வந்து போவதும் தொகுதி வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ரகத்தின் மேல் பழி விழாது. தொகுதிக்கு நடுவே நிறுத்தினால் இந்த நன்மை போய்விடும்.

தண்ணீரும் அப்படித்தான். வயல் விட்டு வயல் பாய்வது நமக்குப் பழக்கம். சோதனையில் அது ஆகாது. மேல் பாத்தியில் போட்ட யூரியா கீழ்ப் பாத்திக்குப் போய்ச் சேரும். தொகுதிகளுக்கு இடையே வாய்க்கால் எடுத்து, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை வைத்து, வரப்பைச் சேறு பூசி இறுக்க வேண்டும். எடை போடும் நாளில் ஈரப்பதமும் பார்க்க வேண்டும். ஒரு பாத்தி நெல் 18 விழுக்காட்டிலும் இன்னொன்று 14-லும் இருந்தால் முதலாவது தண்ணீரைத்தான் கூடுதலாகக் காட்டும். எடையை (100 − ஈரப்பதம்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுத்தால் எல்லாம் 14 விழுக்காட்டு அளவுக்கு வந்துவிடும்.

எலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், டெல்டாவில் அது இல்லாத குறுவை ஏது. கடைசித் தொகுதியில் ஈ ரகப் பாத்தியை எலி வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று எடையை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஈ 7.37 ஆகிவிடும், இ-க்குச் சமமாக வந்து நிற்கும். மோசமான மண்ணில் இருந்த பாத்தி போனதால் வந்த லாபம் அது. இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஃபிஷருக்குப் பின் ராத்தம்ஸ்டெட்டில் புள்ளியியலைக் கவனித்த ஃபிராங்க் யேட்ஸ் தந்தது:

```
x = (t*T + b*B - G) / ((t-1)*(b-1))
```

`t` ரகங்களின் எண்ணிக்கை, `b` தொகுதிகளின் எண்ணிக்கை. `T` அந்த ரகத்தின் மீதிப் பாத்திகளின் கூட்டு, `B` அந்தத் தொகுதியின் மீதிப் பாத்திகளின் கூட்டு, `G` இருக்கிற எல்லாவற்றின் கூட்டு. நம் அட்டவணையில் முறையே 4, 4, 22.1, 20.5, 114.1. போட்டுப் பார்த்தால் 6.26 வருகிறது, ஈ-யின் சராசரி 7.09. உண்மையான 7.0-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். இப்படி நிரப்பியது எடை அல்ல என்பதால் பிழையின் சுதந்திர எண்ணை ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு பாத்தி போனால் இப்படிச் சமாளிக்கலாம். ஒரு தொகுதியே போனால் மீதி மூன்றை வைத்துக் கணக்கை முடித்துவிடலாம். தொகுதி முறையில் அது சிக்கலில்லை. லத்தீன் சதுரத்தில் ஒரு கிடை வரிசை முழுதும் போனால் சதுரத்தின் ஒழுங்கே குலைந்து, கணக்கு சிக்கலாகும்.

இத்தனையும் ஒரு மாவுக்குள். அங்கே ஜெயித்தது கொரடாச்சேரியிலோ வேதாரண்யம் பக்கத்து உவர் மண்ணிலோ ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த குறுவைக்குக் குழு செய்யக்கூடியது, தொகுதிகளை ஊர் ஊராகப் பரப்புவது. ஆறு உறுப்பினர்கள் இருந்தால் ஒவ்வொருவர் வயலும் ஒரு தொகுதி. ஒவ்வொருவரும் நாலு ரகத்தையும், தன் வயலுக்கெனக் குலுக்கிய வரிசையில், நாலு பாத்தியில் நடுவார். ஒருவர் கூடுதல் உரம் போடுகிறார், இன்னொருவருக்குத் தண்ணீர் பத்து நாள் தாமதம் என்பதெல்லாம் தொகுதி வித்தியாசமாகக் கழிந்துபோகும். குழுவில் யாராவது "எதற்கு இவ்வளவு சிரமம், ஆளுக்கு ஒரு ரகம் கொடுத்துவிடுவோம்" என்பார். அப்படிக் கொடுத்தால் கடைசியில் ஒப்பிடுவது ஆறு விவசாயிகளை. நாலையும் நட முடியாது என்கிறவரிடம் அந்த வருஷம் சோதனை விதையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஆறு தொகுதிக்குப் பதில் ஐந்து என்றாலும் கணக்கு நிற்கும்.